கார்பேஜ் வேல்யூவும், கடைசி வீட்டுக்கு அடுத்த வீடும்

"அஞ்சு இடம் இருக்குற அரேல ஆறாவது இடத்தைப் படிச்சா என்ன வரும்?"

திருச்சி சுத்துவட்டார இஞ்சினியரிங் காலேஜ் எதுல வேணா போய் இந்தக் கேள்வியக் கேளுங்க. பையன் யோசிக்காம "கார்பேஜ் வேல்யூ சார்"னு சொல்லுவான். வைவா எடுக்கறவரும் தலையாட்டிட்டு மார்க் போட்டுடுவாரு. டாஸ்பாக்ஸ்ல டர்போ சி நீலத்திரைய வச்சு பாடம் நடத்துற லேப்ல இன்னிக்கும் இதான் நிலைமை. என் கருத்து என்னன்னா, அந்தப் பதில் பாதி சரின்னுகூட சொல்ல முடியாது, தப்பு. அது ஏன் தப்புன்னு சொல்லத்தான் இந்தப் பதிவு. பொட்டி தட்டாத பதிவர்களும் கூடவே வரலாம், கணக்கு எதுவும் பெருசா இல்லை.

மொதல்ல சி மொழி ஏன் எல்லை பாக்குறதில்லன்னு பாத்துடுவோம்.

நம்ம பொன்மலை ரயில்வே காலனி குவார்ட்டர்ஸ் வரிசைய நெனச்சுக்கங்க. எல்லா வீடும் ஒரே அகலம், சுவரோட சுவர் ஒட்டி வரிசையா நிக்குது. தபால்காரருகிட்ட முதல் வீட்டை மட்டும் காட்டிட்டு, "இங்கேருந்து மூணு வீடு தள்ளிக் குடுத்துடுங்க"ன்னு சொன்னா போதும், சரியாப் போயிடுவாரு. சி மொழியில அரேங்கறது இவ்வளவுதான். `a`ங்கற பேரை ஒரு கணக்குல போட்டா அது முதல் வீட்டு வாசலோட முகவரி. `a[3]`ன்னா அங்கேருந்து மூணு வீடு தள்ளி. மொழியோட இலக்கணமே `a[i]`க்கு அர்த்தம் `*(a+i)`ன்னுதான் எழுதி வச்சிருக்கு. அதனாலதான் `3[a]`ன்னு திருப்பிப் போட்டாலும் கம்பைல் ஆகும். நம்பாதவங்க ஓட்டிப் பாருங்க :-)

இதுல கவனிக்க வேண்டியது, அந்த வரிசையில மொத்தம் எத்தனை வீடுன்னு தபால்காரருகிட்ட யாரும் சொல்லலை. பத்து வீடு இருக்குற வரிசையில பன்னெண்டு வீடு தள்ளிப் போன்னாலும் அவரு நடப்பாரு. அங்க இருக்கறது அடுத்த வரிசை வீடா, மைதானமா, சாக்கடையாங்கறது அவரு கவலை இல்லை.

"ஏன், கம்பைலருக்குத்தான் `int a[10]`னு நாம எழுதினது தெரியுமே?"ன்னு கேக்கலாம். எழுதின இடத்துல தெரியும். ஆனா அந்த அரேய ஒரு ஃபங்ஷனுக்கு அனுப்பின நொடியில அந்தத் தகவல் காணாமப் போயிடுது.

```c
int f(int a[10])
{
    return sizeof(a);
}
```

இது 40 குடுக்கும்னு நெனப்போம். 64 பிட் மெஷின்ல 8 தான் குடுக்கும். உள்ள வந்தது அரே இல்லை, வெறும் முகவரி. அடைப்புக்குள்ள நாம போட்ட 10ஐ கம்பைலர் மதிக்கவே இல்லை. அளவே கையில இல்லாதப்ப எதை வச்சு எல்லை பாக்கறது?

இது சோம்பேறித்தனம் இல்லைங்க. டென்னிஸ் ரிட்சி வேணும்னு எடுத்த முடிவு. அவரே 1993ல சி மொழியோட வளர்ச்சி பத்தின கட்டுரையில அந்தக் கதையச் சொல்லியிருக்காரு. சிக்கு முன்னாடி இருந்த பி மொழியில அரே அறிவிச்சா ரெண்டு விஷயம் உருவாகும். ஒண்ணு வரிசை. இன்னொண்ணு அந்த வரிசையைக் காட்டுற தனிப் பாயிண்டர் செல். ரிட்சி யூனிக்ஸுக்காக ஸ்ட்ரக்சர் கொண்டுவரப் பாத்தப்ப இங்கதான் முட்டுச்சு. அன்னிக்கு யூனிக்ஸ் டைரக்டரியில ஒரு பதிவுன்னா 2 பைட் ஐநோட் எண், 14 பைட் கோப்புப் பேரு, மொத்தம் 16 பைட். டிஸ்க்ல இருக்கற அந்தப் பதினாறு பைட்டை அப்படியே ஸ்ட்ரக்சரா எடுத்துக்கணும்னா, நடுவுல பாயிண்டர் செல்லை எங்க ஒளிச்சு வைக்கிறது? டிஸ்க்ல அதுக்கு இடமே கிடையாதே. அதனால செல்லைத் தூக்கிட்டாரு. பேரைச் சொல்லும்போதெல்லாம் முகவரிய அப்பப்ப உருவாக்கிக்கலாம்னு விதி போட்டாரு. முகவரிக்கே தனி இடம் இல்லாத அந்த அமைப்புல நீளத்துக்கு எங்க போய் இடம் தேடறது! யூனிக்ஸ் ஓடுன முதல் பிடிபி-11ல மொத்த மெமரியே 24 கிலோபைட்தான்ங்கறதையும் சேத்துப் பாத்துக்கங்க.

அந்தக் காலத்துல எல்லாருமே அப்படித்தான்னு நெனச்சுடாதீங்க. டோனி ஹோர் அறுபதுகள்ல எழுதின அல்கால் கம்பைலர் ஒவ்வொரு சப்ஸ்கிரிப்ட்டையும் ஓடும்போதே சோதிச்சுது. வேகம் வேணும்னா அந்தச் சோதனைய அணைச்சுக்கற வசதி தரவான்னு வாடிக்கையாளருங்ககிட்ட கேட்டப்ப, வேண்டவே வேண்டாம்னு அத்தனை பேரும் சொன்னதா 1980 ட்யூரிங் விருது உரையில சொல்லியிருக்காரு. ஆக சோதனை போட முடியாத காலம்னு இல்லை. சி வேற பாதைய எடுத்துச்சு, அவ்வளவுதான்.

இதுவரைக்கும் சொன்னது மெஷின் பக்கத்துக் கதை. லேப்ல சொல்லித் தர்ற "கார்பேஜ் வேல்யூ" இந்தக் கதையோட நின்னுடுது. பக்கத்து வீட்டுக்குள்ள எட்டிப் பாத்தா அங்க இருக்கற சாமான் தெரியும், அதான் கார்பேஜ்னு விளக்கம். இந்த விளக்கத்தை வச்சு ஒரு பழைய புதிரைக்கூட அவிழ்க்கலாம்:

```c
int i, a[5];
for (i = 0; i <= 5; i++)
    a[i] = 0;
```

சில கம்பைலர்கள்ல இது முடிவே இல்லாம சுத்தும். `i` மெமரியில `a`க்கு அடுத்த வீட்டுல குடியிருந்தா, `a[5] = 0`ங்கறது `i = 0` ஆயிடும். ஆட்டம் மறுபடி முதல்லேர்ந்து. அதே `i`யை ரெஜிஸ்டர்ல வச்சிருக்கற கம்பைலர்ல ஒண்ணும் ஆகாது, சமத்தா முடிஞ்சுடும்.

"இப்படி அடுத்தவன் வீட்டுக்குள்ள போனா ஆபரேட்டிங் சிஸ்டம் புடிக்காதா?" புடிக்கும், ஆனா அது வீடு வீடாக் காவல் காக்குறதில்லை. பேஜ் கணக்குலதான் பாக்கும். சாதாரண லினக்ஸ் பெட்டியில ஒரு பேஜ் 4096 பைட். நம்ம புரோகிராமுக்குச் சொந்தமான பேஜுக்குள்ள எங்க உலாத்தினாலும் அதுக்குக் கவலையில்லை. சொந்தமில்லாத பேஜுக்குள்ள கால் வச்சாத்தான் செக்மென்டேஷன் ஃபால்ட். அதனால ஒரு வீடு தள்ளிப் போற தப்பு பெரும்பாலும் சத்தமே போடாது.

சரி, மெஷின் கதை இவ்வளவுதான். இனிமேதான் மேட்டரே.

நம்ம தெருவுல செகண்ட் இயர் படிக்கற தம்பி ஒருத்தன் என்கிட்ட கேட்டான்: "அண்ணே, வெறும்ன படிக்கத்தானே செய்யறோம், எழுதலையே? படிச்சதையும் யூஸ் பண்ணலைன்னா கார்பேஜ் வந்தா வந்துட்டுப் போகுது, என்ன குடி முழுகிடும்?" நியாயமான கேள்வி. மெஷின் கதைப்படி பாத்தா ஒண்ணும் ஆகக் கூடாது. ஆனா ஆச்சு. உலகமே கம்ப்யூட்டர் வேகத்தை ஒப்பிடப் பயன்படுத்தின ஒரு புரோகிராம்லயே ஆச்சு.

ஸ்பெக் சிபியு 2006ன்னு ஒரு பெஞ்ச்மார்க் தொகுப்பு. புராசசர், கம்பைலர் செய்யற கம்பெனிங்க எல்லாம் அப்ப அதை ஓட்டித்தான் மார்க் காட்டுச்சு. அதுல `464.h264ref`ங்கறது வீடியோவைச் சுருக்கற நிரல். அதுக்குள்ள பதினாறு எண்களோட குறியை நீக்கிட்டுக் கூட்டற சின்ன வேலை ஒண்ணு உண்டு. சாரத்தை மட்டும் எடுத்தா இப்படி இருக்கும்:

```c
int d[16];

int satd(void)
{
    int sum = 0, dd, k;
    for (dd = d[k = 0]; k < 16; dd = d[++k])
        sum += (dd < 0 ? -dd : dd);
    return sum;
}
```

நிதானமாப் பாருங்க. ஒவ்வொரு சுத்து முடிவுலயும் `k`யை ஒண்ணு கூட்டி, அடுத்த எண்ணை `dd`யில எடுத்து வச்சுக்குது. அப்புறம்தான் `k < 16`ங்கற சோதனை. `k` 15 ஆ இருக்கற கடைசிச் சுத்து முடியும்போது `++k` 16 ஆகுது, `d[16]` படிக்கப்படுது, பெறகு சோதனை தோத்து லூப் முடியுது. `d`ல இருக்கறது 0லேர்ந்து 15 வரைதான். பதினேழாவது வீட்டை எட்டிப் பாத்துட்டு, பாத்ததை எதுக்கும் பயன்படுத்தாம வெளிய வந்துடுது. நம்ம தம்பி கேட்ட அதே சங்கதி. வருஷக்கணக்கா இது சரியான விடைதான் குடுத்துக்கிட்டு இருந்துச்சு.

2012 கடைசியில, அப்ப உருவாகிக்கிட்டு இருந்த ஜிசிசி 4.8ல இதை ஆப்டிமைஸ் பண்ணிக் கம்பைல் செஞ்சா முடிவில்லாத லூப்! பக்கத்து வீட்டுல யாரும் எதையும் எழுதலை. `i` கதை மாதிரி `k`யை யாரும் அழிக்கவும் இல்லை. அப்புறம் எப்படி?

கம்பைலர் யோசிச்ச விதத்தைப் படிப்படியாச் சொல்றேன். ஒண்ணு, `d`ல பதினாறு இடம்தான் இருக்கு. ரெண்டு, ஒழுங்கான சி நிரல் எல்லை தாண்டிப் படிக்காது, அப்படின்னு ஸ்டாண்டர்டுல ஒப்பந்தம். மூணு, ஒவ்வொரு சுத்து முடிவுலயும் `d[++k]` கட்டாயம் படிக்கப்படுது. அப்ப அந்த `k` எப்பவும் 15 அல்லது அதுக்குக் கீழதான் இருந்தாகணும். நாலு, 15ஐத் தாண்டாத எண்ணை 16ஐ விடச் சின்னதான்னு சோதிக்கறது வெட்டி வேலை, விடை எப்பவும் ஆமாம்தான். அஞ்சு, வெட்டி வேலைய நீக்கறதுதான் ஆப்டிமைசரோட வேலை. சோதனைய நீக்கியாச்சு. லூப்பை நிறுத்த இருந்த ஒரே பிரேக்கும் போச்சு.

ஒவ்வொரு படியும் தர்க்கப்படி சரி. எங்கயும் பக் இல்லை. ரெண்டாவது படியில இருக்கற நம்பிக்கைய நிரல் எழுதினவங்க காப்பாத்தலை, அவ்வளவே.

இதைத்தான் அன்டிஃபைன்ட் பிஹேவியர்னு சொல்றது. 1989 ஸ்டாண்டர்டுலேர்ந்து இருக்கற சொல். "என்ன வரும்னு தெரியாது"ன்னு இதுக்கு அர்த்தம் கிடையாது. இப்படி ஒரு காரியம் நடந்தா அந்த நிரல் என்ன செய்யணும்ங்கறதுக்கு ஸ்டாண்டர்ட் எந்த நிபந்தனையும் விதிக்கலைன்னு அர்த்தம். ரெண்டுக்கும் ரொம்ப தூரம். கார்பேஜ் வேல்யூன்னு சொல்லும்போது "ஏதோ ஒரு எண் வரும், நிரல் அது பாட்டுக்கு ஓடும்"னு ஒரு உத்தரவாதத்தை நாமளே குடுத்துடறோம். ஸ்டாண்டர்ட் அந்த உத்தரவாதத்தைக்கூடக் குடுக்கலை. மேல இருக்கற நிரல்ல ஒரு கார்பேஜ் எண்கூட விடையில கலக்கலையே! விடையே வரலை.

ரயில்வே ஊருக்காரனுக்கு இது லேசா விளங்கும். லைன் கிளியர் கிடைச்ச டிரைவர், அடுத்த ஸ்டேஷன் வரைக்கும் தண்டவாளத்துல வேற வண்டி இல்லைன்னு நம்பி முழு வேகத்துல போறாரு. கிலோமீட்டருக்கு ஒரு தரம் இறங்கிப் பாத்துட்டு ஏறுறதில்லை. அந்த வேகமே அந்த நம்பிக்கையிலதான் இருக்கு. சி கம்பைலருக்கு "இந்த நிரல்ல அன்டிஃபைன்ட் பிஹேவியர் இல்லை"ங்கறதுதான் லைன் கிளியர். குடுக்கறது நாம, ஒவ்வொரு வரி எழுதும்போதும் கையெழுத்துப் போட்டுக் குடுக்கறோம். பொய்யான லைன் கிளியர் குடுத்துட்டு, டிரைவர் ஏன் பாத்து ஓட்டலைன்னு கேக்க முடியாது.

இன்னொண்ணும் இதுல இருக்கு. தப்பு நடக்கறது பதினாறாவது சுத்து முடிவுல. ஆனா `k < 16` சோதனை முதல் சுத்துலேர்ந்தே காணோம். அதாவது அன்டிஃபைன்ட் பிஹேவியரோட விளைவு அந்த வரிக்கு அப்புறம்தான் ஆரம்பிக்கும்னு இல்லை. அதுக்கு முன்னாடி ஓடற பகுதியையும் அது மாத்தலாம். டீபக்கர்ல அந்த வரியில நிறுத்திப் பாத்து நூல் புடிக்கற வித்தை இங்க செல்லாது. ஆப்டிமைசேஷன் இல்லாம `-O0`ல கம்பைல் பண்ணா எல்லாம் ஒழுங்கா ஓடும், `-O2`ல தொங்கும். "என் மெஷின்ல ஓடுதே"ங்கற வாதம் செத்துப் போறது இங்கதான்.

ஜிசிசி ஆளுங்க இதை மறைக்கலை. 2013 மார்ச்சுல வந்த 4.8 வெளியீட்டுக் குறிப்புலயே, லூப் எத்தனை தடவ சுத்தும்னு கணிக்கறதுல இனி கறாரா இருப்போம், `464.h264ref` மாதிரி விதி மீறின நிரல்கள் உடையலாம்னு பேரு சொல்லியே எழுதினாங்க. வேண்டாம்னா அணைச்சுக்க `-fno-aggressive-loop-optimizations`ன்னு ஒரு ஆப்ஷனும் குடுத்தாங்க. நீங்க இன்னிக்கு உங்க மெஷின்ல மேல இருக்கறதை ஓட்டினா தொங்கலாம், தொங்காமலும் போகலாம், வெர்ஷனுக்கு வெர்ஷன் மாறும். தொங்கலைன்னா நிரல் சரின்னு அர்த்தமில்லை, கம்பைலர் இந்தத் தடவ அந்த வழியில யோசிக்கலைன்னுதான் அர்த்தம்.

சரி செய்யறது ரொம்ப லேசு. எடுக்கறதை சோதனைக்கு அப்புறம் வச்சா முடிஞ்சுது:

```c
for (k = 0; k < 16; k++) {
    dd = d[k];
    sum += (dd < 0 ? -dd : dd);
}
```

இப்ப `d[k]`யைத் தொடறப்ப `k` 15ஐத் தாண்டியிருக்க வழியே இல்லை. `k` 16 ஆகும், ஆனா அப்ப யாரும் அரேயத் தொடறதில்லை. ஒரு நுணுக்கம்: கடைசி வீட்டுக்கு அடுத்த இடத்தோட முகவரிய, அதாவது `&d[16]`ஐ, வச்சுக்கறதுக்கு ஸ்டாண்டர்ட் அனுமதி உண்டு. விரலை நீட்டிக் காட்டலாம், கதவைத் திறக்கக் கூடாது.

தப்பு இருக்கான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது? கண்ணால பாத்துக் கண்டுபிடிக்கறது கஷ்டம். வேடிக்கை என்னன்னா, அந்த லூப்பை உடைச்ச அதே 4.8 வெர்ஷன்தான் அட்ரஸ் சானிடைசரையும் ஜிசிசிக்குள்ள கொண்டு வந்துச்சு. இப்ப இருக்கற ஜிசிசியில இப்படிக் குடுங்க:

```
gcc -g -fsanitize=address,undefined satd.c
```

ஓட்டினா `index 16 out of bounds for type 'int [16]'`ன்னு வரி எண்ணோட சொல்லும். அரேக்கு ரெண்டு பக்கமும் காலி மனை மாதிரி கொஞ்சம் இடம் விட்டு, அங்க யாராச்சும் கால் வச்சாக் கத்தற ஏற்பாடு அட்ரஸ் சானிடைசர். அதுக்கும் எல்லை உண்டு. ஓடின பாதையில இருக்கற தப்பை மட்டும்தான் புடிக்கும். காலி மனையையும் தாண்டி ஒரே தாவுல வேற அரேக்குள்ள போய் விழுந்தா அதுக்குத் தெரியாது. வேகம் ஏறக்குறைய பாதியாகும். அதனால சோதனைக்கு மட்டும் வச்சுக்கலாம், வாடிக்கையாளருக்கு அனுப்பறதுல வேண்டாம்.

இதெல்லாம் பாத்துட்டு சி மோசம், வேற மொழிக்குப் போன்னு சொல்ல வரலை. போறவங்க தாராளமாப் போகலாம். ஆனா கெர்னலும் டிரைவரும் எம்பெடெட் போர்டும் இன்னமும் பெருமளவு சியிலதான் இருக்கு, நம்ம பசங்கள்ல பலபேர் அங்கதான் வேலைக்குப் போறாங்க. எனக்கு ஆதங்கம் பாடத்து மேலதான். ரிட்சி எழுதினப்ப கம்பைலரும் நேரடியா மொழிபெயர்க்கற சாதாரண ஆசாமியா இருந்துச்சு. அன்னிக்கு "பக்கத்து வீட்டுச் சாமான் தெரியும்"ங்கற விளக்கம் ஓரளவு போதும். இன்னிக்கு இருக்கற கம்பைலர் ஒப்பந்தத்தை வரி வரியாப் படிச்சு அதுலேர்ந்து முடிவுக்கு வர்ற வக்கீல். வக்கீல்கிட்ட போறவனுக்கு மெமரிப் படம் மட்டும் வரைஞ்சு காட்டி அனுப்பினா எப்படி?

அதனால வாத்தியாருங்களுக்கும், கேம்பஸ் இன்டர்வியூல கேள்வி எடுக்கற அண்ணன், அக்காங்களுக்கும் ஒரு வேண்டுகோள். `i++ + ++i`க்கும், எல்லை தாண்டின அரேக்கும் "அவுட்புட் என்ன?"ன்னு நாலு ஆப்ஷன் குடுத்துக் கேக்காதீங்க. அந்தக் கேள்விக்கு விடையே கிடையாது. பசங்களுக்கு: யாராச்சும் கேட்டா "இந்த நிரலுக்கு அர்த்தம் எதுவும் வரையறுக்கப்படலை, அன்டிஃபைன்ட் பிஹேவியர்"னு சொல்லுங்க. ஏன்னு திருப்பிக் கேட்டா அந்தப் பதினாறு எண் லூப்பை எழுதிக் காட்டுங்க. மார்க் குறைஞ்சா நான் பொறுப்பில்லை, ஹி ஹி.

டிஸ்கி: "எங்க லேப்ல இது ஒழுங்கா ஓடுச்சே"ன்னு பின்னூட்டம் போடப் போறவங்க, எந்தக் கம்பைலர், எந்த வெர்ஷன், எந்த ஆப்ஷன்னு மூணையும் சேத்து எழுதிடுங்க. கும்மி அப்பத்தான் களைகட்டும் :-)